தோட்டத்து முச்சந்தியில் விபத்து: இழப்பீட்டு வழக்குக்கு ஆதாரம் சேர்ப்பது எப்படி

காலை ஆறே முக்கால். செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் பெரட்டுக்கு மோட்டாரில் போய்க்கொண்டிருக்கிறார். சுங்கை சிப்புட் பக்கம் உள்ளதைப் போன்ற ஒரு பழைய பெரிய சாலை. இடப்பக்கம் தோட்டத்துச் செம்மண் சாலை வந்து சேர்கிறது. அதிலிருந்து குலை ஏற்றிய லோரி ஒன்று சாலைக்குள் மூக்கை நீட்டுகிறது. மோட்டார் மோதி, கால் எலும்பு முறிந்து, 75 நாள் வேலை போகிறது. லோரிக்காரர் சொல்வது: "நான் நிறுத்திப் பார்த்துத்தான் எடுத்தேன். மோட்டாரில் விளக்கு எரியவில்லை."

இந்த ஒரு விபத்தை வைத்துக்கொண்டு, உரிமையியல் வழக்கு எனப்படும் சிவில் வழக்கில் ஆதாரம் என்றால் என்ன, அதை எப்படிச் சேர்ப்பது என்று பார்ப்போம். இது எடுத்துக்காட்டுக்காகச் சொல்லும் விபத்துதான். ஆனால் தோட்டப் பகுதிகளில் வரும் வழக்குகளின் முகம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

சிவில் வழக்கில் நீதிமன்றம் கேட்பது "எது நடந்திருக்க அதிக வாய்ப்பு?" என்ற கேள்வியைத்தான். குற்ற வழக்கைப் போல ஐயம் துளியும் இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. தராசுத் தட்டு உங்கள் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தாலே போதும். ஆனால் அந்தத் தட்டில் எதையாவது வைக்க வேண்டிய பொறுப்பு, இழப்பீடு கேட்பவருடையது. மோட்டார்காரர் இரண்டைக் காட்ட வேண்டும். ஒன்று, தவறு லோரியுடையது. இரண்டு, அதனால் தனக்கு இவ்வளவு இழப்பு. பலர் முதலாவதற்கு மட்டும் ஓடி ஓடிச் சேர்த்துவிட்டு, இரண்டாவதில் கை வெறுமையாக நிற்கிறார்கள்.

கையில் எந்தத் தாள் வந்தாலும், எந்தப் படம் வந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைப் பற்றி நீதிமன்றத்தில் யார் வந்து சொல்வார்?" பதில் இருந்தால் அது ஆதாரம். இல்லையென்றால் அது இன்னும் வெறும் தாள்தான்.

முதல் தாள் போலீஸ் ரிப்போர்ட். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் தாமதமாகலாம். அப்போது வார்டில் சேர்ந்த தேதியும் வெளியே வந்த தேதியும் உள்ள தாளைப் பத்திரமாக வையுங்கள். தாமதம் ஏன் என்ற கேள்வி கட்டாயம் வரும்.

வழக்குகள் சறுக்குவது தாமதத்தால் மட்டுமல்ல, வார்த்தையால்தான் அதிகம். மோட்டார்காரர் தமிழ் கலந்த மலாயில் சொல்கிறார். பாலாயில் இருப்பவர் தன் மலாயில் தட்டச்சு செய்கிறார். "லோரி உள்ளிருந்து வந்துச்சு, நான் பிரேக் புடிச்சேன், மோதிட்டேன்" என்று சொன்னது, தாளில் "நான் லோரியை மோதினேன்" என்று சுருங்கிவிடும். வலியிலும் அவசரத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து வாசிப்பது அந்த ஒரு வரியைத்தான். சாலையில் யார் எங்கிருந்து வந்தது என்பது ரிப்போர்ட்டில் இல்லாமல், சாட்சிக் கூண்டில் முதல் முறையாக வந்தால், "இது பின்னால் யோசித்துச் சேர்த்த கதை" என்ற வாதம் எளிதாக எடுபடும்.

ஆகவே கையெழுத்துக்கு முன் முழுவதும் வாசியுங்கள். மலாய் வாசிக்கத் தெரியாதென்றால், படித்த பிள்ளை ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். நான்கு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: நீங்கள் எந்தச் சாலையில் எந்தப் பக்கம் போனீர்கள், லோரி எங்கிருந்து வந்தது, மோதிய இடம் உங்கள் வழித்தடமா, உங்கள் விளக்கு எரிந்ததா. வீட்டுக்கு வந்தபின் தவறு தெரிந்தால், பழையதை மாற்ற முடியாது. அதே பாலாயில் கூடுதல் ரிப்போர்ட் ஒன்று கொடுத்து, முதல் ரிப்போர்ட்டின் எண்ணைக் குறிப்பிட்டு, எது தவறு, ஏன் தவறு என்று சொல்லலாம். அடுத்த நாளே செய்தால் நம்புவார்கள். வழக்கு போட்டபின் செய்தால் நம்ப மாட்டார்கள்.

பின்னர் விசாரணை அதிகாரி இடத்தை அளந்து வரைந்த ராஜா காசார் எனும் தோராய வரைபடத்தையும், அதிலுள்ள எழுத்துகளுக்கு விளக்கமான குஞ்சியையும், போலீஸ் எடுத்த படங்களையும் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி வாங்கலாம். லோரிக்காரர் கொடுத்த ரிப்போர்ட்டின் நகலையும் வாங்குங்கள். அவர் அன்று சொன்னதும் இன்று சொல்வதும் ஒன்றா என்று பார்க்க அது வேண்டும்.

போலீஸ் வரைபடத்துக்கு ஒரு எல்லை உண்டு. அதிகாரி வந்து சேரும்போது வண்டிகளை ஓரம் தள்ளியிருந்தால், அவர் வரைவது ஓரத்தில் நிற்கும் வண்டிகளை. மோதிய இடம் எது என்று காட்ட மிஞ்சுவது தார்ச் சாலையில் விழுந்த கீறலும், உடைந்த கண்ணாடிச் சில்லும், சிதறிய குலைப்பழமும்தான். அடுத்த லோரி நாலு தடவை போனால் அதுவும் போய்விடும். அதனால்தான் ஆளை முதலில் தூக்கி ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, வண்டியை நகர்த்துமுன் யாராவது ஒருவர் படம் எடுக்க வேண்டும் என்கிறோம்.

எடுக்கும் வரிசை முக்கியம். முதலில் இருபது முப்பது அடி தள்ளி நின்று, தோட்டத்துப் பெயர்ப்பலகையோ கிலோமீட்டர் கல்லோ படத்தில் விழும்படி அகலமாக ஒன்று. அது இல்லையென்றால் "இது வேறு சந்தி" என்று வாதாட முடியும். பிறகு இரு வண்டிகளும் ஒன்றாகத் தெரியும்படி ஒன்று. பிறகு கீறல், சில்லு, டயர்த் தடம் ஆகியவற்றின் நெருக்கமான படம். பக்கத்தில் ஒரு ஸ்கேல் அல்லது செருப்பு வைத்தால் நீளம் தெரியும். மோட்டாரின் முன் விளக்கையும் அதன் சுவிட்ச் இருக்கும் நிலையையும் தனியாக எடுங்கள். நம் வழக்கில் சண்டையே அந்த விளக்கைப் பற்றித்தான்.

அடுத்த நாள் அதே ஆறே முக்காலுக்கு மறுபடி போய் எடுக்க வேண்டியது ஒன்று உண்டு. லோரி டிரைவர் உட்காரும் உயரத்திலிருந்து, அவர் நின்றதாகச் சொல்லும் கோட்டிலிருந்து, மோட்டார் வந்த பக்கம் பார்த்து ஒரு படம். சந்தி மூலையில் லாலாங் புல் ஆள் உயரம் வளர்ந்திருந்தால், "நிறுத்திப் பார்த்தேன்" என்பவர் எதைப் பார்த்திருக்க முடியும்? இதை நாள் கடத்தக் கூடாது. விபத்து நடந்த வாரமே புல்லை வெட்டிவிடுவார்கள். பிறகு எடுக்கும் படத்தில் சந்தி பளிச்சென்று திறந்து கிடக்கும்.

யார் எடுத்தார், எந்தக் கைப்பேசியில், எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். படத்தைப் பற்றிச் சொல்ல அவரைக் கூப்பிட வேண்டிவரும். படத்தை வெட்டவோ வெளிச்சம் கூட்டவோ வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, எடுத்த நேரம் பற்றிய உள்தகவலும் உதிர்ந்துவிடும். மூலக் கோப்பு எடுத்த கைப்பேசியிலேயே இருக்கட்டும்.

டேஷ்கேம் பதிவு இருந்தால் "விளக்கு எரிந்ததா" என்ற சண்டை சில நொடியில் முடியக்கூடும். லோரியில் இருக்கலாம், பின்னால் வந்த காரில் இருக்கலாம். ஆனால் டேஷ்கேம் பழையதை அழித்து அழித்து எழுதும் கருவி. சாதாரணத் தெளிவில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 110 எம்பி என்று வைத்தால், 64 ஜிபி அட்டை ஒன்பது மணி நேர ஓட்டத்தில் நிரம்பி, முதலிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கும். காலையில் நடந்த மோதல், நாள் முழுக்க ஓடும் லோரியில் மறுநாளைக்குள் அழிந்துபோகும். மோதல் அதிர்ச்சியை உணர்ந்து அந்தத் துண்டைப் பூட்டி வைக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. மோட்டார் இடித்த அதிர்ச்சி கனமான லோரிக்குத் தெரியாமலும் போகும், ஆகவே அதை நம்பியிருக்கக் கூடாது.

பின்னால் வந்த கார்க்காரர் உதவ முன்வந்தால், அட்டையை அன்றே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். அந்தத் துண்டை மட்டும் அல்ல, அதற்கு முன் பத்து நிமிடமும் பின் பத்து நிமிடமும் சேர்த்து நகலெடுங்கள். முன்பகுதியில்தான் மோட்டாரின் பின்விளக்கும் வேகமும் தெரியும். டேஷ்கேம் திரையில் ஓடுவதை இன்னொரு கைப்பேசியில் படம்பிடிப்பது போதாது.

அடிக்கடி நடக்கும் கோளாறு கடிகாரம். கருவி நேரம் எட்டு மணி நேரம் பிந்தியோ, தேதி இரண்டு வருடம் முந்தியோ இருக்கும். "இது அன்றைய பதிவே இல்லை" என்பார்கள். மருந்து எளிது: அன்றே டேஷ்கேம் திரையையும் கைப்பேசிக் கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். எவ்வளவு வித்தியாசம் என்பது அதில் நின்றுவிடும்.

நகலெடுத்த கோப்பில் பிறகு யாரும் கைவைக்கவில்லை என்று காட்ட, விண்டோஸ் கணினியில் அதன் விரலடையாளத்தை எடுத்து வைக்கலாம்:

```
certutil -hashfile video.MP4 SHA256
```

வரும் நீண்ட எண்ணெழுத்து வரிசையைத் தேதியோடு அச்சடித்து வையுங்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரிசை மாறிவிடும். சட்டம் இதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆனால் "வெட்டி ஒட்டியது" என்ற குற்றச்சாட்டுக்கு இது நேரான பதில்.

சட்டம் கேட்பது வேறு. 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு, கணினியிலிருந்து வந்த ஆவணத்தை ஏற்க வழி செய்கிறது. அச்சட்டத்தில் கணினி என்ற சொல்லின் பொருள் விரிவானது. தகவலைப் பதிந்து வைக்கும் கருவிகளும் அதில் அடங்கும். அது வழக்கமான பயன்பாட்டில் உண்டான பதிவு என்று, கருவியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும், அல்லது அவரே வந்து சொல்ல வேண்டும். ஆக, கார்க்காரரின் காணொளி மட்டும் கையில் இருந்து, அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் இல்லாமல் போனால் பாதி வேலைதான் முடிந்தது.

பதிவு லோரி முதலாளியிடம் இருந்தால்? உடனே எழுத்தில் கேளுங்கள்: தேதி, நேரம், வண்டி எண் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் வைக்கும்படி. கொடுக்க மறுத்தாலும் கடிதம் வீண் இல்லை. வழக்கு தொடங்கியபின் ஆவணத்தைக் காட்டச் சொல்லி நீதிமன்ற உத்தரவு கேட்கலாம். கையிலிருக்கும் ஆதாரத்தை மறைத்தவருக்கு அது பாதகமானது என்று கருத அதே சாட்சியச் சட்டத்தின் 114-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த வாள் இருபுறமும் வெட்டும். உங்களுக்குப் பிடிக்காத பதிவை நீங்கள் அழித்தாலும் அதே கதிதான்.

இனி வாட்ஸ்ஆப். விபத்தன்று இரவு லோரிக்காரரிடமிருந்து ஒரு செய்தி: "அண்ணே, பிரேக் புடிக்கல, நான் அந்தப் பக்கம் கவனிக்கல, மன்னிச்சிருங்க." ஒரு வாரம் கழித்து இன்னொன்று: "அண்ணே செலவ நான் பாத்துக்கறேன், கேஸ் போடாதீங்க." இரண்டாவதைத்தான் எல்லாரும் பத்திரப்படுத்துவார்கள். காசு பேசியிருக்கிறாரே என்று. உண்மையில் வலுவானது முதல் செய்தி. அது நடந்ததை ஒப்புக்கொள்கிறது. இரண்டாவது, சமரசப் பேச்சு என்று தள்ளப்படலாம். வழக்கில் காட்டக் கூடாது என்ற புரிதலோடு பேசியதைச் சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு விலக்கி வைக்கிறது. இரக்கத்தில் சொன்னேன், தவறை ஒப்பவில்லை என்றும் அவர் சொல்லலாம்.

ஸ்கிரீன்ஷாட்டின் பலவீனம், மேலே நீங்கள் சேமித்த பெயர்தான் தெரியும் என்பது. "லோரி தம்பி" என்ற பெயரை யாருக்கு வேண்டுமானாலும் வைக்கலாம். தொடர்பு விவரத்தைத் திறந்து எண் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். பிறகு அந்த எண் அவருடையதுதான் என்று வேறொரு இடத்திலிருந்து காட்ட வேண்டும்: லோரிக் கதவில் எழுதிய எண், அவர் பணம் அனுப்பிய ரசீது, இப்படி ஏதாவது ஒன்று. செய்தித் துண்டை மட்டும் எடுக்காமல், முன்னும் பின்னும் நீங்கள் எழுதியதும் சேர்ந்து தெரியட்டும். நடுவில் வெட்டினால், எதை மறைத்தீர்கள் என்பார்கள்.

அன்றே அரட்டை முழுவதையும் `Export chat` வழியாக மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். குரல் செய்தி இருந்தால் `Include media` தேர்ந்தெடுங்கள். வரும் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, யாரும் திருத்தலாம். அதனால் அது காப்பு நகல் மட்டுமே. மூலம் உங்கள் கைப்பேசிதான். வழக்கு முடியும்வரை அதை விற்கவோ, டிரேட்-இன் போடவோ வேண்டாம். மறையும் செய்தி வசதியை அவர் இயக்கியிருந்தால் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று அவர் வைத்த கணக்கில், இயக்கியபின் வந்த செய்தி எல்லாம் போய்விடும். நீதிமன்ற மொழி மலாய் என்பதால், தமிழில் வந்த செய்திக்குத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர் செய்த மொழிபெயர்ப்பு வேண்டும். உங்கள் பிள்ளை எழுதித் தந்தது போதாது. குரல் செய்தியைச் சொல் சொல்லாக எழுத்தில் இறக்கி, பிறகு மொழிபெயர்க்க வேண்டும்.

சாட்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கண்ணால் பார்த்தவர் வேண்டும். "லோரிதான் தப்புன்னு எல்லாரும் சொன்னாங்க" என்பவர் பயன்படமாட்டார். சந்திக்கடையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டுத் திரும்பினாரா, மோதுவதையே பார்த்தாரா என்று நேராகக் கேளுங்கள். திரும்பியவர் வண்டிகள் கிடந்த இடத்தைச் சொல்லலாம், விளக்கைப் பற்றிச் சொல்ல முடியாது. பெயர், முகவரி, எண் வாங்கி, அவர் சொன்னதை அந்த வாரமே எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் வாசகம் சொல்லிக் கொடுக்காதீர்கள். மூன்று சாட்சி ஒரே வாக்கியம் பேசினால் மூவரும் விழுவார்கள். தோட்டத்து ஆள் முதலாளிக்குப் பயந்து வரத் தயங்கினால், நீதிமன்றம் அனுப்பும் சப்பீனா எனும் சாட்சி அழைப்பாணை அவருக்குக் காப்பாகவும் இருக்கும்: "நானாகப் போகவில்லை, கூப்பிட்டார்கள்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது இரண்டாம் பாதி, பணம். கையை விட்டுப் போன செலவை ஒவ்வொன்றாகச் சொல்லி ஒவ்வொன்றையும் கண்டிப்பாக நிரூபிக்க வேண்டும். ஒர்க்ஷாப் கொடுத்த மதிப்பீட்டுத் தாள், செலவு ஆகலாம் என்றுதான் சொல்கிறது. ரசீதுதான் கட்டியதைக் காட்டும். ரசீதில் மோட்டார் எண், தேதி, மாற்றிய பாகங்கள் இருக்க வேண்டும். உடைந்த பாகங்களைக் காப்புறுதி நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை தூக்கி எறியாதீர்கள். மருந்துக்கடை, பெட்ரோல் பங்கின் வழவழத் தாள் ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே நகலெடுத்து மூலத்தோடு சேர்த்து ஒட்டுங்கள். ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒவ்வொரு பயணத்துக்கும் தேதியும் வாடகையும் எழுதி, அப்பாயின்மென்ட் அட்டையின் தேதியோடு பொருத்துங்கள்.

வருமான இழப்பு தனிக் கணக்கு. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவுப்படி, எதிர்கால வருமான இழப்புக்கு அடிபடுமுன் அவர் தன் உழைப்பால் சம்பாதித்துக்கொண்டிருந்தார் என்று காட்ட வேண்டும். குலை வெட்டுபவரின் சம்பளம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும், ஆகவே ஒரு நல்ல மாதத்தின் சீட்டை மட்டும் காட்டினால் நம்ப மாட்டார்கள். விபத்துக்கு முந்தைய ஆறு மாதச் சீட்டுகள் 1,850, 2,120, 1,720, 2,040, 1,960, 1,830 ரிங்கிட் என்று வைப்போம். கூட்டினால் 11,520, சராசரி 1,920. மருத்துவ விடுப்பு 75 நாள், அதாவது இரண்டரை மாதம்: 4,800 ரிங்கிட். அந்த நாட்களில் தோட்டம் கொடுத்த சம்பளம் ஏதும் இருந்தால் கழிக்க வேண்டும். விடுப்புத் தாள்களின் தேதியில் இடைவெளி இருந்தால் அந்த நாட்களும் கழியும். முதல் தாள் முடியும் நாளும் அடுத்தது தொடங்கும் நாளும் ஒட்டியிருக்கிறதா என்று டாக்டர் அறையை விட்டு வருமுன் பாருங்கள்.

காண்டிராக்டரிடம் ரொக்கமாக வாங்குபவருக்குச் சீட்டே இருக்காது. அப்போது இபிஎஃப் எனும் சேமநிதிக் கணக்கு இருந்தால் அதன் அறிக்கை, வங்கிப் புத்தகத்தில் மாதாமாதம் விழுந்த தொகை, மண்டோர் எழுதிய குலைக் கணக்கு நோட்டு ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு, காண்டிராக்டரையே சாட்சியாக அழைக்க வேண்டும். அவர் ஒரு கடிதம் மட்டும் கொடுத்து வராமல் போனால், கடிதத்தின் கனம் குறைந்துவிடும். மறுபடியும் அதே கேள்விதான்: இதைப் பற்றி நீதிமன்றத்தில் யார் வந்து சொல்வார்?

காயத்துக்கு ஆஸ்பத்திரியின் மருத்துவ அறிக்கையை விண்ணப்பித்து வாங்க வேண்டும். அது வர வாரக்கணக்கில் ஆகும், அதனால் வீடு திரும்பிய உடனே கேட்டுவிடுங்கள்.

வழக்கு விசாரணைக்கு வரும்போது ஆவணங்களை மூன்று கட்டாகப் பிரிப்பார்கள். ஏ கட்டில் இருப்பதை இரு தரப்பும் முழுதாக ஏற்கிறார்கள். பி கட்டில், ஆவணம் உண்மைதான், ஆனால் உள்ளே சொல்லியிருப்பதில் சண்டை. சி கட்டில் ஆவணமே உண்மையா என்று சண்டை. சம்பளச் சீட்டு ஏ-யில் விழுந்தால் கிராணியைக் கூப்பிட வேண்டாம். மருத்துவ அறிக்கை பி-யில் விழுந்தால் டாக்டர் வர வேண்டிவரலாம். எண் தெரியாத ஸ்கிரீன்ஷாட் சி-யில் விழும், அதைத் தூக்கி நிறுத்துவது உங்கள் பாடு. இந்தக் கட்டுரையில் சொன்ன எண், தேதி, கையெழுத்து எல்லாம் சி-யில் கிடக்கும் தாளை பி-க்கும், பி-யில் கிடப்பதை ஏ-க்கும் நகர்த்தும் வேலைதான்.

தீபகற்ப மலேசியாவில் இத்தகைய வழக்குக்குப் பொதுவாக ஆறு வருடம் அவகாசம் உண்டு. எதிரே இருப்பது அரசாங்க வண்டியாக இருந்தால் 36 மாதம்தான். காயமில்லாமல் மோட்டார் மட்டும் சேதமாகி, கேட்கும் தொகை 5,000 ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 198-ஆம் படிவத்தில் சிறுவழக்காகப் போடலாம். அங்கே வழக்கறிஞர் உங்களுக்காகப் பேச மாட்டார். ஆகவே ரசீது மூலங்கள், எல்லாவற்றுக்கும் மூன்று செட் நகல், மூலப்படம் இருக்கும் கைப்பேசி, அதற்கு முழுச் சார்ஜ் ஆகியவற்றோடு, பக்க எண் போட்ட ஒரே கோப்பாகக் கையில் எடுத்துப் போங்கள்.